முதல் மடைக்கு வந்த எண்ணெய்

கார்த்திகை பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலை வளைவில் ஒரு டேங்கர் லாரி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது என்று எனக்குப் போன் வந்தபோது நான் திண்டிவனத்தில் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். லாரி சாய்ந்தால் போலீசைக் கூப்பிடுவார்கள், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்கள். ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரான என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி புரியவில்லை. பேசியது எங்கள் லஸ்கர். மதகைத் திறந்து மூடும் ஆள்.

"மேடம், லாரியில இருந்த கருப்பு எண்ணெய் ஓடையில எறங்கிடுச்சு. ஓடை நம்ம ஏரிக்குத்தான் வருது. ஜல்தியா வாங்க."

டிரைவருக்கு அடி பெரிதாக இல்லை. தீயணைப்புக்காரர்கள் லாரியின் மூடியிலிருந்த கசிவை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் பாதி எண்ணெய் சாலையோரக் கால்வாயில் இறங்கி, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சேர்ந்திருந்தது. அது பர்னஸ் ஆயில், தொழிற்சாலைக் கொதிகலன்களில் எரிப்பது. பெட்ரோல் போலச் சட்டென்று தீப்பிடிக்காது என்று தீயணைப்பு அதிகாரி சொன்னார். அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏரியின் வடமேற்கு மூலையில் எண்ணெய் நுழைந்துகொண்டிருந்தது. நான் இருபது வருஷத்துக்கு மேலாக ஏரிகளைப் பார்க்கிறவள். எந்த ஏரி எந்த மாதம் நிரம்பியது, எந்த வருஷம் வாடைக்காற்று முந்தி வந்தது என்று யாரும் கேட்காத விஷயங்களையெல்லாம் குறித்துவைக்கிற பழக்கமும் உண்டு. பழைய கெஜட்டியர்கள், பாசனக் கையேடுகள் என்று கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். எண்ணெய் தண்ணீரில் பரவுவதை மட்டும் அதற்குமுன் பார்த்ததில்லை. நடுவில் தார் போலக் கெட்டியாக, மெதுவாக, தன் கனத்தாலேயே நாலு பக்கமும் வழிந்து போயிற்று. அதற்கு வெகு முன்னால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மயில்கழுத்து நிறத்தில் ஒரு மெல்லிய படலம் ஓடியது. கெட்டியான பகுதி ஒரு வீட்டு முற்றம் அளவுகூட விரியவில்லை; படலம் ஏரியில் கால்வாசியை மூடிவிட்டது. நாணல் ஒவ்வொன்றின் காலிலும் ஒரு கருப்பு வளையம் விழுந்திருந்தது.

"சோப்புத்தூள் கரைச்சு ஊத்தினா போயிடும் மேடம்," என்றார் கரையில் நின்றவர்களில் ஒருவர். "எங்க வூட்ல எண்ணெச் சட்டியே அப்பிடித்தான் கழுவறாங்க."

"போகாதுங்க. பொடிப்பொடியா ஒடைஞ்சு தண்ணிக்குள்ள எறங்கிடும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மீன் மொத்தமும் செத்துப்போகும். இப்ப மேலயாவது இருக்குது. மேல இருக்கிற வரைக்கும்தான் அதைப் பிடிக்க முடியும்."

அதைச் சொன்னபோது எனக்கே தைரியம் வந்தது. அந்த எண்ணெய் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் லேசு. ஒரு குடத்தில் அதையும் இன்னொரு குடத்தில் தண்ணீரையும் நிரப்பித் தூக்கினால் இடுப்புக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தக் கொஞ்சமே போதும். தண்ணீர் தன்னோடு அதைக் கலக்க விடுவதில்லை. கீழேயிருந்து தாங்கி மேலே தள்ளியபடி இருக்கிறது. ஆகவே எண்ணெய் இருக்கும் இடம் நமக்குத் தெரியும். மேல்மட்டத்தில் ஒரு தோல். அதற்குக் கீழே இருப்பது நல்ல தண்ணீர்.

ஏரியைத் தெரிந்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். மேல்மட்டத்துத் தண்ணீர் எங்கே வெளியேறும்? கலங்கலில். ஏரி நிரம்பினால் உபரித்தண்ணீர் வழிந்து போகும் அந்தக் கல் கட்டுமானத்தை ஊரில் கோடி என்பார்கள். 'ஏரி கோடி போவுது' என்றால் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். எங்கள் ஏரியின் கோடி தெற்கு முனையில். அடித்துக்கொண்டிருந்தது வாடை, வடக்கேயிருந்து. எண்ணெயை அது கோடியை நோக்கித்தான் தள்ளும். தண்ணீரோ கலங்கல் மேட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றது. இன்னும் ஒரு நல்ல மழை பெய்தால் எண்ணெய்தான் முதலில் வழியும். வழிந்தால் நேரே அடுத்த ஏரியான கீழேரி. கீழேரியின் கரையில்தான் மூன்று ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொடுக்கும் கிணறு இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து மேலதிகாரி போனில் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "என்ன வேணாலும் பண்ணுங்க, கீழேரிக்கு ஒரு சொட்டு போகக்கூடாது."

எண்ணெய் கம்பெனியின் ஆட்கள் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. மீன் குத்தகைக்காரரின் பழைய வலைகளை நீளவாக்கில் பை போலத் தைத்து, உள்ளே வைக்கோலை அடைத்து, வாழைத்தண்டுகளோடு சேர்த்துக் கட்டிக் கோடிக்கு முன்னால் மிதக்கவிட்டோம். வைக்கோல் எண்ணெயை நன்றாகவே குடித்தது. குடித்துக் கனத்து மெல்லத் தாழவும் ஆரம்பித்தது.

மத்தியானம் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய சூப்பர்வைசருக்கு முப்பது வயது இருக்கும். வந்ததும் எங்கள் வைக்கோல் வேலியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"யாருங்க வைக்கோல் போட்டது? உதிரியா மிதக்குது பாருங்க. மெஷின்ல போய் அடைச்சுக்கும்."

"நாங்கதான் போட்டோம்," என்றார் லஸ்கர். "நீங்க வர்ற வரைக்கும் எண்ணெய்கிட்ட பேசிக்கினு இருக்கச் சொல்றீங்களா?"

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் நன்றாக ஒத்துப்போனார்கள்.

அவர்கள் கொண்டுவந்தது பூம் என்கிற மிதவை வேலி. மேலே மஞ்சள் நிற மிதவை, அதிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் பாவாடை, பாவாடையின் அடி விளிம்பில் அது கிளம்பாமலிருக்கச் சங்கிலி. மேல்தோலாக வரும் எண்ணெய் வேலியில் தடுத்து நிற்கும். தண்ணீர் பாவாடைக்கு அடியில் போய்விடும். கோடிக்கு முன்னால் அதை நேர்க்குறுக்காகப் போடவில்லை. சாய்வாகப் போட்டார்கள். சாய்வாக இருந்தால் எண்ணெய் முட்டி நிற்காமல் வேலியை ஒட்டியே நழுவி ஒரு மூலைக்கு வந்துசேரும். அந்த மூலையில் ஸ்கிம்மரை இறக்கினார்கள். எண்ணெய் ஒட்டும், தண்ணீர் ஒட்டாத பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு உருளைகள் பாதி மூழ்கிச் சுற்றும். எண்ணெய் அவற்றின்மேல் பூச்சாக ஏறும். ஒரு தகடு தோசைக்கல்லைச் சுரண்டுவது போல வழித்துத் தொட்டியில் விடும். அங்கிருந்து பம்பு கரையிலிருந்த டேங்கருக்கு இழுத்துக்கொள்ளும். சூப்பர்வைசர் சொன்னபடியே முதல் அரைமணி நேரத்தில் வைக்கோல் போய் அடைத்துக்கொண்டது. லஸ்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கையால் எடுத்துப் போட்டார்.

இரண்டாவது பூமை மதகுக்கு முன்னால் அரைவட்டமாகப் போடச் சொன்னது நான். மதகு கரையின் நடுவில் இருக்கிறது. கலங்கல் ஏரியின் மேல்தண்ணீரை விடும் என்றால், மதகு அடித்தண்ணீரை எடுக்கும். எண்ணெய் மேலே, மதகின் வாய் கீழே. ஷட்டரைக் கொஞ்சமாகத் தூக்கினால் அடியிலிருந்து நல்ல தண்ணீர் மட்டும் வாய்க்காலில் போகும், ஏரியின் மட்டம் இறங்கும், மழை வந்தாலும் கோடி போகாது. சூப்பர்வைசர் யோசித்துவிட்டு, "சரிங்க மேடம், ஆனா மெதுவா. பூமுக்கு வர்ற தண்ணி நொடிக்கு ஒரு அடியைத் தாண்டக்கூடாது. தாண்டிச்சுன்னா எண்ணெய் வேலிக்கு அடியில முழுகிப் போயிடும். பாவாடை எவ்வளவு நீளமா இருந்தாலும் நிக்காது," என்றார்.

ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் முதல் மடைக்காரி வந்து நின்றாள்.

மதகிலிருந்து வாய்க்கால் இறங்கியதும் முதலில் வருவது அவள் மடை. வாய்க்கால் வரப்பை வெட்டித் தண்ணீரை வயலுக்குள் விடும் வாயைத்தான் மடை என்கிறோம். ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். அவளும் அவள் புருஷனும் வேறொருவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தங்கள் கையில் ஒரு பயிர். ஐப்பசிக் கடைசியில் நட்டது, அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. புருஷன் புதுச்சேரியில் கட்டட வேலை, சனி இரவு வந்து திங்கள் காலை போகிறவன். அவள் கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் செருகிய அரிவாள் முனை போல எப்போதும் முன்னால் நீட்டிய முழங்கை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்பாள்.

"மேடம், மதகு தொறக்கப் போறீங்களாமே. என் மடையைக் கட்டிடட்டுமா?"

"எதுக்கும்மா?"

"எண்ணெ வராதா?"

"வராது. எண்ணெய் மேலதான் மிதக்கும். மதகு அடியில இருந்து எடுக்குது. உனக்கு வர்றது சுத்தமான தண்ணி."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். கட்டாத. எல்லா மடையும் தொறந்திருந்தாத்தான் வாய்க்கால் தாங்கும். பாயட்டும் வுடு, உன் பயிருக்கும் தண்ணி வேணும்ல."

மதகு திறந்தால் முதல் மடைக்காரர் தன் மடையைத் திறக்க வேண்டும் என்பது இங்கே முறை. அவர் திறக்காவிட்டால் தண்ணீர் வேகமெடுத்துக் கீழே உடைத்துக்கொண்டு போகும். அவள் என் வார்த்தைக்காக மட்டும் திறக்கவில்லை, முறைக்காகவும்தான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்டது அவள். 'கட்டாத' என்று சொன்னது நான்.

அன்று சாயங்காலமும் சனிக்கிழமையும் நான் சொன்னது சரியாகவே இருந்தது. வாய்க்காலில் வந்த தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தேன். வெள்ளைக் காகிதத்தை நனைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அவள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்துக் கொண்டுவந்து கரையில் எல்லோருக்கும் கொடுத்தாள். "பரவால்ல மேடம், நீங்க சொன்ன மாதிரி கண்ணாடியாட்டம் வருது," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அதை ஒளிக்கவும் இல்லை. மதகுக்கும் கலங்கலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுற்றி நின்றவர்களுக்கு ஒரு பாடமாகவே நடத்தினேன்.

சனி இரவு மழை பிடித்தது. மயிலம் பக்கம் நல்ல மழை. ஞாயிறு விடிந்தபோது வரத்துக்கால் செம்மண் நிறத்தில் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக இறக்கிவைத்த மட்டம் ஒரே இரவில் ஏறி, கலங்கல் மேட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. சாய்வுப் பூமுக்குப் பின்னால் ஸ்கிம்மர் இன்னும் எடுக்காத எண்ணெய் ஒரு கை கனத்துக்குக் குவிந்திருந்தது. மழை பெய்யாமலிருந்திருந்தால் பூம் சமாளித்திருக்கும். கோடி முழுக்க வழிய ஆரம்பித்தால் அந்த இழுப்பில் எண்ணெய் மொத்தமும் வேலிக்கு அடியில் புகுந்து கீழேரிக்குப் போய்விடும்.

கீழேரிக் கரையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கலங்கல் மேல் மணல்மூட்டை அடுக்கலாம் என்றார்கள். நான் மறுத்தேன். பழைய கரை, மட்டத்தை உயர்த்தினால் கரையே உடையலாம். விழுப்புரத்திலிருந்து மறுபடி போன். "மேடம், டி.வி.காரங்க கீழேரியில நிக்கிறாங்க," என்றார் அதிகாரி. அவர் குரலில் அதட்டல் இல்லை. பயம்தான் இருந்தது. அது எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"ஷட்டரை இன்னும் தூக்கணும்," என்றேன்.

சூப்பர்வைசர் உடனே தலையாட்டவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க மேடம். மதகுப் பூமை அவுத்து இன்னும் தள்ளி, பெரிய வட்டமாப் போட்டுடறேன். தள்ளிப் போகப் போகத் தண்ணி வேகம் கொறையும். இப்ப இருக்கிற எடத்துல தூக்கினா இழுத்துக்கும்."

"ஒரு மணி நேரத்துல கோடி போயிடும்."

"போகலாம். போகாமயும் இருக்கலாம்."

"போச்சுன்னா?"

அவர் கலங்கலைப் பார்த்தார். லஸ்கர் ஷட்டர் திருகைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அப்போது வயல்களுக்கு அப்பால் மாதா கோயில் மணி அடித்தது. ஞாயிற்றுப் பூசைக்கு இரண்டாம் மணி.

"முதல் மடைக்காரி பூசைக்குப் போயிருக்கும் மேடம்," என்றார் லஸ்கர். "நான் வேணா ஓடிப்போய் அது மடையைக் கட்டிட்டு வர்றேன். நாலு வெட்டு மண்ணு, அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் நான் அடிக்கடி திரும்பிப் போகிற இடம் அதுதான். நாலு வெட்டு மண். மதகிலிருந்து பார்த்தால் அந்த மடை தெரியும். கூப்பிடும் தூரம்.

"வேணாம்," என்றேன். "மொத மடையைக் கட்டினா வாய்க்கால் தாங்காது. தூக்குங்க."

வாய்க்கால் தாங்காது என்று எனக்குத் தெரியுமா? தெரியாது. தாங்காமல் போகலாம் என்று நினைத்தேன். அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை 'கட்டாத, சுத்தமான தண்ணி' என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். ஞாயிற்றுக்கிழமை என் ஆளை அனுப்பி அதே மடையைக் கட்டவைத்தால், எண்ணெய் வரும் என்று நானே ஊருக்கு அறிவிப்பதாக ஆகும். கீழேரிக்காரர்கள் நின்றார்கள், மற்ற மடைக்காரர்கள் நின்றார்கள். எல்லோரும் தங்கள் மடையைக் கட்ட ஓடுவார்கள், மதகையே திறக்கவிட மாட்டார்கள் என்று பயந்தேன். அது நியாயமான பயம் என்று இன்றும் பாதி நேரம் தோன்றுகிறது. மீதி நேரம் தோன்றுவதில்லை.

லஸ்கர் திருகைச் சுற்றினார்.

மதகின் முன்னால் தண்ணீர் தன் நடையை மாற்றியது. அதுவரை அரைவட்டப் பூம் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது; இப்போது விறைத்து, வயிறு உள்வாங்கிய மாதிரி மதகுப் பக்கம் வளைந்தது. வேலிக்கு வெளியே தேங்கியிருந்த எண்ணெய் பாவாடையை ஒட்டிக் கனத்தது. அதன் முன் விளிம்பு சுருள ஆரம்பித்தது. பிறகு சத்தமே இல்லாமல், புளியங்கொட்டை அளவு கருப்புத் துளிகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து கீழே இறங்கி, பாவாடைக்கு அடியில் போயின. வேலி அப்படியே நின்றது. மிதவை மூழ்கவில்லை, எங்கும் கிழியவில்லை. எண்ணெய் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஷட்டரின் மேல் ஒரு சின்னச் சுழி விழுந்து, மேலே மிச்சமிருந்த படலத்தையும் உள்ளே இழுத்தது.

"போவுது மேடம்," என்றார் சூப்பர்வைசர் மெதுவாக.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கலங்கலைப் பார்த்தேன். மட்டம் ஏறுவது நின்றிருந்தது. ஒரு விரலில் கால்பங்கு இறங்கியும் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்," என்றேன்.

எவ்வளவு நேரம் 'இன்னும் கொஞ்சம்' இருந்தது என்பதை நான் குறித்துவைக்கவில்லை. எல்லாவற்றையும் குறித்துவைக்கிறவள் அதைக் குறிக்கவில்லை.

வாய்க்காலில் போன துளிகள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். லேசானது லேசானதுதான். வேகமாக ஓடும்போது தண்ணீருக்குள் கலங்கி மறைந்திருக்கும். தண்ணீர் எங்கே நிதானிக்கிறதோ அங்கே மேலே வந்துவிடும். வாய்க்காலில் வந்ததில் பெரும்பகுதி திறந்திருந்த முதல் மடைக்குள் திரும்பியது; அது நிதானித்த முதல் இடம் அவள் வயல். ஒன்றரை ஏக்கர், சுற்றி வரப்பு, அசையாத தண்ணீர், ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் ஒரு நாற்று. எண்ணெய் மேலே வந்தது, பரவியது, ஒவ்வொரு நாற்றின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டது. அவள் வயலின் மறுபக்க மடை வழியாக அடுத்த வயலுக்குப் போன தண்ணீரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு வந்து, நல்ல செய்தி சொல்கிறவர் போலவே சொன்னார்: "அந்த மொத வயலே மொத்தத்தையும் புடிச்சு நிறுத்திடுச்சு மேடம். நம்ம பூம் செய்யாததை அது செஞ்சிடுச்சு."

ஷட்டரை இறக்கச் சொன்னேன். பிற்பகலில் அவர் பூமைத் தள்ளிப் பெரிய வட்டமாகப் போட்டார். அதற்குப் பிறகு அளவாகத் திறந்தபோது மதகில் ஒரு துளியும் வரவில்லை. காலையிலேயே செய்ய வேண்டியது. கோடி போகவில்லை. கீழேரிக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

பூசை முடிந்து அவள் வந்ததை நான் பார்த்தேன். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு இன்னும் எடுக்கவில்லை. புருஷன் பின்னால். மடைக்குப் பக்கத்தில் நின்றாள். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கி, ஒரு நாற்றைப் பிடுங்கி, முந்தானையால் அதன் தண்டைத் துடைத்தாள். துடைத்துத் திரும்ப நட்டாள். அடுத்த நாற்றைப் பிடுங்கினாள். புருஷன்தான் இறங்கிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

நான் கரையில் இருந்தேன். இறங்கிப் போகவில்லை. போன் வந்துகொண்டே இருந்தது, பேசிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் கீழேரிக் கரையிலுள்ள ஊரில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேன் என்றுதான் நினைவு, ஆனால் கழுத்தில் அது இருந்தது. ஒருவர், "மேடம் இல்லைன்னா எங்க புள்ளைங்க எண்ணெத்தண்ணிதான் குடிச்சிருக்கும்," என்றார். பொய் இல்லை. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

அவள் பயிர் போயிற்று. கம்பெனிக்காரர்கள் வயலில் நின்ற எண்ணெயைப் பஞ்சு விரிப்புகளால் ஒற்றி எடுத்தார்கள், பயிரை அறுத்து மூட்டை கட்டினார்கள், மேல்மண்ணைச் சுரண்டிக் கொண்டுபோனார்கள். இழப்பீட்டுக்கு மனு போயிருக்கிறது. நில உரிமையாளருக்கு ஒரு பங்கா, குத்தகைக்காரிக்கு முழுசா என்று அது இன்னும் முடியவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து வாய்க்காலின் அகலம், ஆழம், சரிவு எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் மடை மூடியிருந்தாலும் வாய்க்கால் தாங்கியிருக்கும். விளிம்பு வரை வந்திருக்கும், உடைந்திருக்காது. தப்பு இருக்குமோ என்று மறுபடி போட்டேன். அதே விடைதான்.

மாசியில் ஒரு காலை, மதகு ஷட்டருக்கு கிரீஸ் போட ஆள் வந்திருந்ததைப் பார்க்கப் போனேன். கீழே மற்ற வயல்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவள் வயல் மட்டும் வெடித்துக் காய்ந்து கிடந்தது. அவள் அங்கே இருந்தாள். தன் மடையின் மேல் மண்ணை அணைத்து மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் கரையிலிருந்து இறங்கிப் போனேன்.

"வாங்க மேடம்," என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

"ஏம்மா மடையைக் கட்டியிருக்க? தண்ணி போவுதே."

"தண்ணியத்தான் பாத்தேனே."

என்ன சொல்ல வேண்டும் என்று வழியில் யோசித்துவைத்திருந்தேன். அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்றேன், "எண்ணெய் வரும்னு எனக்குத் தெரியும். ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடியே தெரியும். லஸ்கர் உன் மடையைக் கட்டறேன்னு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

மண்வெட்டி நின்றது.

"அவரு சொல்லிட்டாரு மேடம். அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு."

மூன்று மாதமாக அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாக அந்த வழியாக ஜீப்பில் போகும்போது எனக்குக் கைகாட்டியிருக்கிறாள்.

"நீங்க வந்து சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தோம்," என்றாள். "மேடம் வர மாட்டாங்கன்னு எங்க வூட்டுக்காரர் சொல்லிக்கினே இருந்தாரு."

அவள் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். மண் வாசனைதான் வந்தது. இல்லை, அடியில் கொஞ்சம் அதுவும் இருந்தது. இல்லையோ. எனக்கு அந்த வாசனை எல்லா இடத்திலும் வந்துகொண்டிருந்த காலம் அது.

"சித்திரையில கேப்பை போடலாம்னு பாக்கறோம்," என்றாள். "போட்டா வருமா மேடம்?"

மண்ணில் ஒட்டிய கெட்டி எண்ணெய் மக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது பற்றி நான் படித்தது நிறைய இருந்தது. ஒரு வருஷம் என்கிறவர்கள் உண்டு, மூன்று என்கிறவர்கள் உண்டு. மேல்மண்ணை எடுத்தாகிவிட்டது, உழுது காற்றாட விட்டால் சீக்கிரம் சரியாகும் என்று நம்பிக்கையாகச் சொல்ல ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை சொன்ன பதிலைப் போலவே நல்ல பதில்.

"தெரியலைம்மா," என்றேன். "எனக்குத் தெரியாது. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும். அதுலயும் முழுசாத் தெரியுமான்னு தெரியாது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நாலு வெட்டு வெட்டிட்டுப் பூசைக்குப் போயிருப்பேன் மேடம்."

பிறகு மடையின் மறுபக்கம் போய் மண்ணை அள்ள ஆரம்பித்தாள். ஒரு ஓரத்தில் வாய்க்கால் தண்ணீர் நூலாகக் கசிந்துகொண்டிருந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அந்த ஓரத்தைக் காலால் மிதித்து அடைத்தேன். கசிவு நிற்கவில்லை. "அங்க இல்ல மேடம், கொஞ்சம் கீழ," என்றாள். கீழே மிதித்தேன். மண்ணெடுத்துக் கொடுத்தாள், வாங்கி வைத்தேன். கசிவு நின்ற பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் மண் போட்டுக்கொண்டிருந்தோம்.